கணினியில் காணாமற்போன மாணவன்

“என் மகளுக்குக் கணிதத்தில் எத்தனை புள்ளி, வாத்தியாரே?” என்று தோட்டத்து அம்மா ஒருவர் கேட்டார். அவள் 4 பாரதி. நான் கற்பிப்பது 4 வள்ளுவர். பள்ளிக் கணினியில் அவள் பெயரே எனக்குத் தெரியாது.

மறைக்கிறேன் என்று எண்ணாதீர்கள், பெற்றோர்களே! யார் எந்த வகுப்பில் எந்தப் பாடம் நடத்துகிறார் என்று அலுவலகம் பதிந்திருக்கிறதோ, அந்த மாணவர்களை மட்டுமே கணினி அவருக்குக் காட்டும். வீட்டு முகவரியும் குடும்ப வருமானமும் அதில் இருக்கின்றனவே, எல்லாரும் பார்க்கலாமா?

ஒருமுறை பாரதியிலிருந்து ஒரு பையன் என் வகுப்புக்கு மாறி வந்தான். வகுப்பில் 27 தலைகள். திரையில் 26 பெயர்கள். அலுவலகத்தில் அவனுடைய வகுப்பை மாற்றிப் பதியவில்லை. நான் புள்ளி பதிய முடியவில்லை. பழைய ஆசிரியரோ இன்னும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிராணி திருத்திய பிறகுதான் என் பட்டியலில் சேர்ந்தான், அவர் பட்டியலிலிருந்து நீங்கினான்.

பிள்ளை வகுப்பு மாறினால், “உங்கள் பட்டியலில் பெயர் வந்துவிட்டதா?” என்று புதிய ஆசிரியரைக் கேளுங்கள்.