மேலேறும் கோடும் திறக்காத பாட்டிலும்

“நீங்கள் அனுப்பிய அசிட்டோநைட்ரைல் சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்” என்று ஆய்வக மேலாளர் இரண்டு வரி எழுதினால், சப்ளையரிடமிருந்து வரும் பதிலை ஊகிக்கலாம்: “முதலில் உங்கள் கருவியைப் பாருங்கள்.” அதில் நியாயமும் இருக்கிறது.

மருந்துப் பரிசோதனைக் கூடங்களில் எச்.பி.எல்.சி. என்றொரு கருவி உண்டு. கரைத்த மாத்திரையை, தண்ணீரும் அசிட்டோநைட்ரைலும் கலந்த ஓட்டத்தோடு ‘காலம்’ எனப்படும் குழாய்க்குள் செலுத்துவார்கள். அதிலுள்ள பொருள்கள் பிரிந்து ஒவ்வொன்றாக வெளியே வரும். அவை எவ்வளவு புற ஊதா ஒளியை உறிஞ்சுகின்றன என்பதைக் கருவி கோடாக வரையும். எதுவும் வராத நேரத்தில் கோடு கிடக்கும் மட்டம்தான் பேஸ்லைன்.

அசிட்டோநைட்ரைலின் பங்கை 20 நிமிடத்தில் 5 சதவீதத்திலிருந்து 95க்கு உயர்த்தும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒளி 210 நானோமீட்டர். பழைய லாட்டில் ஏறக்குறைய மட்டமாகப் போன கோடு, புது லாட்டில் மலையேறுகிறது. கரைப்பானில் ஒளியை உறிஞ்சும் அசுத்தம் இருந்தால், கரைப்பானின் பங்கு கூடக் கூட அதுவும் கூடும். கலவை விகிதம் மாறாத சோதனையில் இதே பாட்டில் மாட்டிக்கொள்ளாது; கோடு முழுவதும் ஒரே அளவு உயர்ந்திருக்கும், கருவி அந்த உயரத்தையே பூஜ்ஜியமாக எடுத்துக்கொள்ளும்.

ஆகவே கடிதத்துக்கு முன் வேலை இருக்கிறது. மாத்திரை எதுவும் போடாமல் கரைப்பானை மட்டும் ஓட்ட வேண்டும். தண்ணீரையும் காலத்தையும் அப்படியே வைத்து, பழைய லாட்டை மாட்டிப் பார்க்க வேண்டும். கோடு இறங்கினால் புது லாட்டின் மீது சந்தேகம் வலுக்கும். ஆனாலும் திறந்த பாட்டிலில் ஆய்வகத்தின் அழுக்கே விழுந்திருக்கலாம். அதே லாட்டில் சீல் உடைக்காத இன்னொரு பாட்டிலைத் திறந்தும் கோடு ஏறினால்தான் வழக்கு நிற்கும்.

பிறகு கடிதம் தானாக எழுதிக்கொள்ளும்: பொருள் எண், லாட் எண், பாட்டில்கள் வந்த தேதி, திறந்த தேதி, சோதனை நிலைமைகள், இரு லாட்டுகளின் வரைபடங்களும் ஒரே அளவுகோலில். “திறக்காத இரண்டு பாட்டில்களை உங்கள் ஆய்வுக்காக வைத்திருக்கிறோம்” என்ற வரி, பத்து வரிக் கோபத்தைவிட வேலை செய்யும்.

சப்ளையர் 99.9 சதவீதத் தூய்மைச் சான்றிதழைக் காட்டலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஒளியைப் பலமாக உறிஞ்சும் பொருள் மீதமுள்ள 0.1 சதவீதத்தில் மிகச் சிறு துளியாக இருந்தாலே கோடு ஏறிவிடும். அதனால், கைவசமுள்ள இருப்பு மாதிரியை 210 நானோமீட்டரில், விகிதத்தை உயர்த்தியே ஓட்டிப் பார்க்கும்படி கேட்க வேண்டும். ஒன்று மட்டும் முன்பே பார்த்துக்கொள்வது நல்லது: வாங்கியது கிரேடியன்ட் தரம்தானா? விலை குறைவென்று சாதாரணத் தரத்தை வாங்கியிருந்தால் புகார் அங்கேயே விழுந்துவிடும். தரம் சரியென்றால் மாற்றுப் பாட்டில்கள் வேறு லாட்டிலிருந்து வர வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் அதே லாட்டே திரும்பி வந்து நிற்கும்.