உங்களுக்குத் தெரியுமா? காலாவதி ஆகாத மருந்தும் விஷமாகலாம்

2025-இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளின் உயிரைப் பறித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து, நம் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. பாட்டிலில் காலாவதி 2027 ஏப்ரல் என்றுதான் இருந்தது. தேதியில் குறையே இல்லை. எஸ்.ஆர்-13 என்ற பேட்ச்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சு 48.6 சதவீதம் இருந்ததைத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்போ 0.1 சதவீதம்!

இப்படி ஒரு எச்சரிக்கை வரும்போது, நம் வீட்டு அலமாரியில் இருப்பது அந்த பாட்டில்தானா என்று சொல்வது பேட்ச் எண் மட்டுமே. ஆன்லைனில் வாங்கும் மருந்தின் பில்லில் கடையின் மருந்து உரிம எண், பேட்ச், காலாவதி மூன்றும் இருக்க வேண்டும். பேட்ச் எண் அட்டையில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். வெறும் தொகை மட்டும் போட்ட ரசீது வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். மாத்திரை அட்டையை வெட்டி அனுப்பினால் எண் அச்சான ஓரம் போய்விடலாம் என்பதால் முழு அட்டையாகக் கேளுங்கள்.

புரோட்டீன் பவுடர், வைட்டமின் போன்ற சத்துணவுப் பொருள்களில் மருந்து உரிமத்துக்குப் பதிலாக, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும்.