உங்களுக்குத் தெரியுமா? மூளையின் நீரை இழுக்கும் மருந்து

செந்தூலில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடிபட்டவரின் மூளை வீங்கினால், மண்டையோட்டுக்குள் அது விரிய இடமில்லை. அழுத்தம் ஏறுகிறது. ஒரு கண்மணி மட்டும் விரிந்து, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் நின்றால் ஆபத்து நெருங்கிவிட்டது.

அப்போது 20 விழுக்காட்டு மானிட்டால் கரைசலைக் கை நரம்பில் ஏற்றுவார்கள். எடை 60 கிலோ, அளவு கிலோவுக்கு அரை கிராம் என்றால் 150 மில்லிலிட்டர். மானிட்டால் மூளையின் இரத்தக் குழாய்ச் சுவரை எளிதில் தாண்டாது. இரத்தத்திலேயே தங்கி அதன் அடர்த்தியைக் கூட்டுகிறது. உப்புப் போட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதுபோல் மூளைத் திசுவின் நீர் இரத்தத்துக்கு வருகிறது. அதைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது.

சுவர் சிதைந்த இடத்தில் மருந்தே உள்ளே கசியும். அடிக்கடி கொடுத்தால் அங்கே வீக்கம் கூடவும் செய்யலாம். குளிரில் இந்தக் கரைசல் படிகமாகும் என்பதால், தாதியர் முதலில் பாட்டிலைத்தான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள்.