பிரைமாகுவினும் சிவப்பணுவின் நொதியும்

வைவாக்ஸ் மலேரியாவில் காய்ச்சல் இறங்கியதும் நோய் போய்விடுவதில்லை. கொசுக்கடியின் வழியே உடலுக்குள் வரும் கிருமிகள் முதலில் கல்லீரலுக்குப் போகின்றன. அங்கிருந்து ஒரு பகுதி பெருகி ரத்தத்தில் இறங்கிக் காய்ச்சலைக் கிளப்புகிறது. இன்னொரு பகுதி கல்லீரல் செல்லுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கிறது. குளோரோகுவின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைக் கொல்லும், உறங்கும் கிருமியைத் தொடாது. அதனால் சில வாரங்களிலோ பல மாதங்களிலோ, புதிதாகக் கொசு கடிக்காமலேயே காய்ச்சல் திரும்புகிறது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் ரத்தசோகை கூடுகிறது. கொசுவுக்குக் கிருமியைக் கொடுக்கும் ஆளாகவும் நோயாளி மீண்டும் மாறுகிறார்.

உறங்கும் கிருமியை அழித்து நோயை வேரோடு தீர்க்க இன்று இரண்டே மருந்துகள் உள்ளன: பிரைமாகுவின், அதே இனத்தைச் சேர்ந்த டஃபெனோகுவின். இரண்டுக்கும் ஒரே குறை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களின் சிவப்பணுக்களை இவை உடைத்துவிடும்.

பிரைமாகுவின் உடலில் மாறும்போது உண்டாகும் பொருட்கள் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனேற்றச் சேதத்தை ஏற்படுத்துகின்றன. அந்தச் சேதத்தைச் சரிசெய்ய குளுட்டதயோன் என்ற பொருள் வேண்டும். அது ஒருமுறை வேலை செய்ததும் மறுபடி புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான மூலப்பொருளைத் தருவது ஜி6பிடி நொதி தொடங்கிவைக்கும் வேதிவினைதான். மற்ற செல்களுக்கு இதற்கு மாற்று வழிகள் உண்டு. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. இந்த ஒரு வழியை விட்டால் வேறு வழியில்லை. நொதி குறைந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து கட்டியாகிறது, அணுவின் சவ்வு வலுவிழக்கிறது, அணு உடைகிறது.

இதைக் கண்டறிந்த கதையில் ஒரு கறையும் இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஸ்டேட்வில் சிறையில் கைதிகளைக் கொண்டு மலேரியா மருந்துகள் சோதிக்கப்பட்டன. சுதந்திரம் இல்லாதவர் தரும் சம்மதத்தை உண்மையான சம்மதம் என்று கொள்வது கடினம். அங்கே பிரைமாகுவினால் ரத்தம் உடைந்த ஒருவரின் சிவப்பணுக்களைக் கதிரியக்கக் குரோமியத்தால் அடையாளமிட்டு, உடையாத ஒருவருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய அணுக்கள் உடைந்தன. ஏற்றுக்கொண்டவரின் சொந்த அணுக்கள் உடையவில்லை. எதிர்த்திசையில் செய்தபோது நல்ல அணுக்கள் பிழைத்தன. குறை அணுவுக்குள்ளேயே இருக்கிறது என்பது உறுதியானது. அந்தக் குறை ஜி6பிடி நொதிதான் என்று 1956ல் அதே ஆய்வுக் குழு வெளியிட்டது.

அந்தச் சோதனைகளில் தெரிந்த இன்னொரு உண்மைதான் இன்றைய சிகிச்சைக்கு அடிப்படை. சிவப்பணு முதிர முதிர நொதி குறைகிறது. முதலில் உடைபவை வயதான அணுக்கள். அவற்றின் இடத்தை எலும்பு மஜ்ஜை அனுப்பும் இளம் அணுக்கள் நிரப்புகின்றன. இளம் அணுவில் நொதி கூடுதல், ஆகவே அது ஓரளவு தாங்கும். மருந்தைத் தினமும் கொடுக்காமல் வாரம் ஒருமுறை கொடுத்தால், இடைப்பட்ட நாட்களில் உடல் இழந்ததை மீட்டுக்கொள்ள முடிகிறது.

நொதிக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் குறை உண்டு அல்லது இல்லை என்று பெரும்பாலும் தெளிவாகச் சொல்லிவிடலாம். இரண்டு எக்ஸில் ஒன்றில் மட்டும் குறையுள்ள பெண்ணின் உடலில் நொதி நிறைந்த அணுவும் குறைந்த அணுவும் கலந்தே ஓடும். குறை உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும் சோதனை, நொதியின் அளவு இயல்பில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் பிடிக்கும். அந்தப் பெண்ணுக்கு அது பெரும்பாலும் 'இயல்பு' என்றே காட்டும். உடையக்கூடிய அணுக்களோ பாதியளவு உள்ளே இருக்கும்.

ஆகவே நொதியை எண்ணால் அளக்கும் சோதனை வேண்டும். விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் நொதியையும் ஹீமோகுளோபினையும் சில நிமிடங்களில் சேர்த்துக் காட்டும் கையடக்கக் கருவி இப்போது உண்டு. பரவலாகப் பயன்படும் அத்தகைய கருவி ஒன்றில், ஒரு கிராம் ஹீமோகுளோபினுக்கு 4 யூனிட் அல்லது அதற்குக் கீழே என்றால் குறைபாடு. 6க்கு மேல் இயல்பு. பெண்களுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தரம். ஒரு எச்சரிக்கை: அண்மையில் ரத்தம் உடைந்திருந்தால் மிஞ்சியவை இளம் அணுக்களாக இருக்கும், அப்போது சோதனை பொய்யாக இயல்பைக் காட்டலாம். அப்படிப்பட்டவருக்குச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணுக்கு இந்தக் கருவியில் 4.8 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கருவுற்றிருக்கவில்லை, பாலூட்டவும் இல்லை. குளோரோகுவின் எல்லோருக்கும்போலவே மூன்று நாட்கள்: 600, 600, 300 மில்லிகிராம். அடுத்து உறங்கும் கிருமிக்கான மருந்து. டஃபெனோகுவின் 300 மில்லிகிராம் ஒரே வேளை, வசதியானது. ஆனால் அது உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். விழுங்கிய பிறகு ரத்தம் உடையத் தொடங்கினால் நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் நொதி 70 சதவீதத்துக்கு மேல் உள்ளவருக்கே அதைத் தருகிறார்கள். இவருக்கு அது கூடாது. தினம் 30 மில்லிகிராம் வீதம் ஏழு நாள் பிரைமாகுவின் கொடுக்கும் குறுகிய முறையும் இவருக்கு வேகமானது. தினம் 15 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுத்தாலும் மொத்தம் அதே 210 மில்லிகிராம்தான், ஆனால் மெதுவாகப் போகிறது. பிரைமாகுவின் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்குவதால், தொந்தரவு தெரிந்த அன்றே நிறுத்திவிடலாம். முதல் வாரத்தில் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டே போக முடியுமானால் 14 நாள் முறை இவருக்கு ஏற்றது. முடியாதென்றால் வாரம் 45 மில்லிகிராம் வீதம் எட்டு வாரம்.

இதே கருவியில் 4க்குக் கீழே வரும் ஆணுக்கு தினசரி மருந்து எந்த வடிவிலும் இல்லை. எட்டு வார முறை மட்டுமே மிச்சம், அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். முதல் வேளைக்குப் பின் வரும் நாட்களில்தான் ஹீமோகுளோபின் அதிகம் சரியக்கூடும். மத்தியதரைக்கடல் வகை என்று அழைக்கப்படும் கடுமையான குறைபாடு இந்தியாவிலும் காணப்படுகிறது. அதில் கூடுதல் கவனம் தேவை. கருவுற்ற பெண்ணுக்கு இவ்விரு மருந்துகளும் கொடுப்பதில்லை. வயிற்றிலுள்ள குழந்தையின் நொதி அளவை அறிய வழியில்லை என்பதே காரணம். பிரசவம் வரை வாரம் ஒரு குளோரோகுவின் கொடுத்து நோயை அடக்கிவைத்து, பிறகு முழுத் தீர்வு பார்க்கிறார்கள்.

ஆபத்து பெரும்பாலும் மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே தெரியும். சிறுநீர் பால் கலக்காத தேநீர்போலக் கறுக்கும், கண் மஞ்சளாகும், முதுகு வலிக்கும், படியேறினால் மூச்சு வாங்கும். சிறுநீர் கறுத்தால் மறுவேளை மாத்திரையைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஹீமோகுளோபின் மிகவும் இறங்கினால் ரத்தம் ஏற்ற நேரிடும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். வைவாக்ஸ் என்று முடிவு வந்தால், பிரைமாகுவின் வாங்குவதற்கு முன்னால் ஜி6பிடி சோதனையைக் கேட்டு வாங்குங்கள். நொதி குறைவு பிறவியிலேயே வருவது, வாழ்நாள் முழுதும் மாறாது. குறைவு என்று வந்தால் அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, எந்த மருத்துவரிடம் போனாலும் காட்டுங்கள்.