அரைக்காலுக்கு எத்தனை சதவீதம்?

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: பின்னம், தசமம், சதவீதம். அரை 0.5, 50%, கால் 0.25, 25%. இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. அடுத்த வரியில் 1/8 வரும்போதுதான் பலர் 0.8 என்றோ 0.18 என்றோ எழுதிவிடுகிறார்கள்.

பின்னக் கோடு வகுத்தல் குறிதான். 1-ஐ 8-ஆல் வகுக்க முடியாது. எனவே 0 போட்டுப் புள்ளி வைத்து, 10 என்று எடுத்துக்கொள்கிறோம். 10-இல் 8 ஒரு முறை, மீதி 2. அது 20 ஆகிறது. இரண்டு முறை, மீதி 4. அது 40 ஆகிறது. ஐந்து முறை, மீதி இல்லை. விடை 0.125. நூறால் பெருக்கினால் 12.5%. கால் பங்கான 25%-இல் பாதி அதுவே என்பதால் விடை சரிதான் என்று உடனே தெரிந்துவிடும்.

இந்த ஒரு வரி கிடைத்தால் 3/8, 5/8, 7/8 எல்லாம் வெறும் பெருக்கல்: 37.5%, 62.5%, 87.5%. திரும்பி வருவதும் எளிது. 0.375-இல் மூன்று தசம இடங்கள், ஆகவே 375/1000. மேலும் கீழும் 125-ஆல் வகுத்தால் 3/8.

1/3 மட்டும் இப்படி அடங்காது. ஒவ்வொரு முறையும் மீதி 1 வந்துகொண்டே இருக்கும். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகா எண் காரணியாக இருந்தால் தசமம் முடியவே முடியாது. அட்டவணையில் 33.33% என்று எழுதி மூன்றால் பெருக்கினால் 99.99% தான் வரும். அந்த வரியில் மட்டும் 33⅓% என்றே எழுதுவது நல்லது.