திரை, இமை, தலைவலி

கருவிழியின் மேல் கண்ணீர் மிக மெல்லிய படலமாக எப்போதும் பரவியிருக்கிறது. அதன் மேற்பரப்பில் உள்ள எண்ணெய்தான் அடியிலிருக்கும் நீர் சீக்கிரம் ஆவியாகாமல் காக்கிறது. இமை ஓரங்களில் வரிசையாக உள்ள மைபோமியன் சுரப்பிகள் இந்த எண்ணெயைத் தருகின்றன. இமைகள் முழுதாக மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் எண்ணெய் கசிந்து, படலம் புதிதாகப் பூசப்படுகிறது.

சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை கண் இமைக்கிறது. அதாவது 4 நொடிக்கு ஒரு முறை. திரையில் கவனம் ஊன்றியதும் இது 5, 6 முறையாகக் குறைந்துவிடும். ஏ.சி. காற்று முகத்தில் படும் அறையில் ஒருவரின் படலம் 6 நொடியில் கிழிகிறது என்று கொள்வோம். அவர் 10 நொடிக்கு ஒரு முறை இமைத்தால், ஒவ்வொரு தடவையும் 4 நொடி கருவிழி ஆங்காங்கே மறைப்பின்றிக் காய்கிறது. மாலைக்குள் இது ஆயிரக்கணக்கான தடவை நடந்துவிடுகிறது. பாதி மூடித் திறக்கும் அரைகுறை இமைப்பும் போதாது. கருவிழியின் கீழ்ப்பகுதி பூசப்படாமலே நின்றுவிடும். மணல் விழுந்தது போன்ற உறுத்தலும் எரிச்சலும் இப்படித்தான் வருகின்றன. சிலருக்குக் கண்ணில் நீர் கொட்டும். அவர்களிடம் கண் வறண்டிருக்கிறது என்றால் நம்பமாட்டார்கள். அது உறுத்தல் தாங்காமல் சுரக்கும் நீர், நிலைத்து நிற்காது.

இந்தத் தலைவலிக்குக் கண்ணின் தசைகளும் காரணமாகலாம். தூரத்தைப் பார்க்கும்போது தளர்ந்திருக்கும் சிலியரி தசை, கிட்டத்தில் பார்க்கும்போது சுருங்கி லென்ஸைத் தடிப்பாக்குகிறது. இரு கண்களையும் உள்நோக்கித் திருப்பும் தசைகளும் கூடவே இழுத்துப் பிடிக்கின்றன. மணிக்கணக்கில் இந்தப் பிடி தளராவிட்டால் புருவத்துக்கு மேலும் நெற்றியிலும் வலிக்கும். வெள்ளெழுத்து நன்கு முற்றிய ஒருவருக்கு 40 செ.மீ. தொலைவில் புத்தகம் படிக்கத் தோதான கண்ணாடி இருக்கிறது. அவர் பார்க்கும் கம்ப்யூட்டரோ 65 செ.மீ. தள்ளி இருக்கிறது. எழுத்து மங்குவதால் அவர் கழுத்தை நீட்டி முன்னால் சாய்கிறார். கண்ணோடு கழுத்தும் சேர்ந்து வலிக்கிறது. திரையின் தொலைவுக்கு அளவெடுத்த கண்ணாடி போட்டாலே இவருடைய வலி பெரும்பாலும் தீரும்.

இரண்டில் எது தொல்லை தருகிறது என்பதை ஓரளவு வீட்டிலேயே அறியலாம். நன்றாக இமைத்ததும் மங்கல் விலகினால் குறை கண்ணீர்ப் படலத்தில். வேலை முடிந்து தூரத்துப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போது சற்று நேரம் மங்கித் தெளிந்தால் தசை இறுகியிருக்கிறது.

திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் இமை தாழ்ந்து, காற்றுப் படும் பரப்பு குறையும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை 6 மீட்டருக்கு அப்பால் 20 நொடி பார்த்தால் தசை தளரும். அப்போதே சில முறை முழுதாக இமைப்பது நல்லது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குச் செலவழிக்கத் தேவையில்லை. அது இந்தச் சோர்வைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கண் கடுமையாகச் சிவந்தாலோ, வெளிச்சம் பட்டால் வலித்தாலோ, பார்வை திடீரெனக் குறைந்தாலோ அது திரைச் சோர்வு அல்ல. அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.