‘நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு’: அந்த எண்ணை எப்படி வாசிப்பது?

ஜோர்ஜ்டவுன்: சுகாதார அமைச்சின் 2022ஆம் ஆண்டு இளையோர் சுகாதார ஆய்வு வெளிவந்தபோது பல பெற்றோரைக் கலங்க வைத்த எண் 26.9 விழுக்காடு. 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் மனச்சோர்வுடன் இருப்பதாகச் செய்தி பரவியது. ஆனால் அந்த மாணவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து மருத்துவர் யாரும் பரிசோதிக்கவில்லை. அவர்கள் வகுப்பறையில் ஒரு கேள்வித்தாளை நிரப்பினார்கள். அந்த எண் அதிலிருந்து வந்தது.

அக்கேள்வித்தாளின் பெயர் பிஎச்கியூ-9. அதில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வம் இல்லையா, மனம் சோர்ந்திருந்ததா, தூக்கம் எப்படி, களைப்பு உண்டா, பசி எப்படி என்று கேட்டுக்கொண்டே போய், ஒன்பதாவதாக உயிரை விடும் எண்ணம் அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கும். ‘இல்லவே இல்லை’ என்றால் 0, ‘கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும்’ என்றால் 3. கூட்டினால் மொத்தம் 27. வழக்கமாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ‘மேலும் பார்க்க வேண்டும்’ என்று பொருள்.

‘நோய் இருக்கிறது’ என்பது அதன் பொருள் அல்ல. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

நிபோங் திபாலில் இருந்து விடியற்காலையில் பேருந்து ஏறும் ஒரு படிவம் மூன்று மாணவியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். தேர்வு நேரம். தூக்கமின்மைக்கு 3, களைப்புக்கு 3, பசியின்மைக்கு 2, கவனச் சிதறலுக்கு 3. மொத்தம் 11. எல்லையைத் தாண்டிவிட்டாள். ஆனால் ஆர்வமின்மை, மனச்சோர்வு இரண்டுக்கும் அவள் போட்டது 0. மருத்துவர் மனச்சோர்வு நோய் என்று முடிவுசெய்ய இவ்விரண்டில் ஒன்றாவது பெரும்பாலான நாள்களில் இருந்தாக வேண்டும். பிள்ளைகளிடம் அது ஓயாத எரிச்சலாகவும் வெளிப்படலாம். அதோடு மொத்தம் ஐந்து அறிகுறிகளாவது இரண்டு வாரம் நீடித்து, படிப்பையோ பழக்கத்தையோ பாதித்திருக்க வேண்டும். இரத்தச்சோகை, தைராய்டு, மருந்து போன்ற வேறு காரணங்களையும் அவர் விலக்க வேண்டும். இந்த மாணவிக்கு நோய் இல்லாமல் இருக்கலாம். ஒருவேளை இரத்தச் சோதனைதான் அவளுக்குத் தேவைப்படலாம்.

இன்னொரு மாணவன். ஆர்வமின்மைக்கு 3, சோர்வுக்கு 2, ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற எண்ணத்திற்கு 2, ஒன்பதாவது கேள்விக்கு 1. மொத்தம் 8 மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்தால் ‘பாதிப்பில்லாதவர்’ பட்டியலில் போய்விடுவான். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு 0 தவிர எந்தப் பதில் வந்தாலும், கூட்டுத்தொகை என்னவாக இருந்தாலும், அன்றே அந்தப் பிள்ளையுடன் பொறுப்பான பெரியவர் ஒருவர் தனியாகப் பேச வேண்டும்.

கேள்வித்தாள் தவறாகச் சுட்டுவதும் எதிர்பார்த்ததே. கணக்கு எளிது. 200 மாணவர்களில் உண்மையில் 16 பேருக்கு மனச்சோர்வு நோய் என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 88 பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 85 பேரைச் சரியாக விட்டுவிடும் என்றால், 16 பேரில் 14 பேர் சிக்குவார்கள். மீதி 184 பேரிலும் ஏறக்குறைய 28 பேர் சிக்குவார்கள். ஆக 42 பேருக்கு ‘மேலும் பார்க்கவும்’ என்று வரும். நோயுள்ளவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்குதான். சல்லடையின் வேலையே அப்படி. ஒருவரைத் தவறவிடுவதைவிடச் சிலரை வீணாக அழைப்பது மேல் என்றுதான் எல்லையைத் தாழ்த்தி வைக்கிறார்கள்.

இதே காரணத்தால், 2017 ஆய்வில் 18.3 விழுக்காடாக இருந்தது 2022இல் 26.9 ஆகிவிட்டது என்று நேராக ஒப்பிடுவதிலும் எச்சரிக்கை தேவை. 2017இல் பயன்பட்டது டாஸ்-21 என்ற வேறு கேள்வித்தாள். அது கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்பது. அளவுகோல் மாறினால் எண்ணும் மாறும். எவ்வளவு உயர்வு உண்மையானது என்பதை இவ்விரு எண்களை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

பிள்ளையின் பெயரில் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தால், எந்தக் கேள்வித்தாள், என்று நிரப்பியது, எந்த மொழியில், எந்தக் கேள்விகளுக்கு அதிக மதிப்பெண் என்று ஆலோசக ஆசிரியரிடம் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியிலிருந்து அண்மையில் இடைநிலைப்பள்ளிக்கு வந்த பிள்ளை மலாய்க் கேள்வியின் நுணுக்கத்தைப் புரிந்துதான் பதிலளித்ததா என்பது வீட்டில் உள்ளவருக்கே தெரியும். ஆசிரியர்கள் கோப்பில் ‘மனச்சோர்வு நோயாளி’ என்று எழுதாமல், மதிப்பெண்ணையும் தேதியையும் எங்கு அனுப்பப்பட்டது என்பதையும் மட்டும் எழுதினால் போதும். அந்தச் சொல் பிள்ளையைப் பல ஆண்டு பின்தொடரும்.

அடுத்த படி அருகிலுள்ள அரசு சுகாதார கிளினிக். அங்குள்ள மருத்துவர் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தனித்தனியே பேசி, தேவையென்றால் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவார். அவசரமாகப் பேச ஆள் தேவைப்பட்டால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555.